ஒரு படத்தை நம்பி ரூ.18,500 இழந்தேன்: 'விண்கல்' என்று சொன்னால் உடனே பணம் கட்டிவிடாதீர்கள்

இணையம் வழியாக அரிய கற்களை வாங்கி விற்கும் ஒரு தளத்தில் நான் கட்டிய ரூ.18,500 திரும்பி வராது என்று நேற்று மாலை உறுதியானது. அந்தக் கோபம் ஆறுவதற்குள் இதை எழுதுகிறேன்.

பாபநாசம் பக்கம் எங்கள் வயலை ஒட்டிய வாய்க்காலைத் தூர் வாரியபோது, பொக்லைன் அள்ளிப் போட்ட சேற்றில் அந்தக் கல் கிடந்தது. கருமையாக, கைக்கு அடங்காத கனத்தோடு இருந்தது. தராசில் 3.4 கிலோ. கல்லே கிடைக்காத வண்டல் மண் பூமியில் இப்படி ஒன்று கிடந்தால் வானத்திலிருந்துதான் விழுந்திருக்கும் என்று நினைக்கத் தோன்றாதா? அம்மா அதைக் கழுவிச் சந்தனம் பூசி, பூசையறை வாசலில் வைத்துவிட்டார்.

கைபேசியில் மேற்புறத்தை மட்டும் இரண்டு படங்கள் எடுத்து அந்தத் தளத்துக்கு அனுப்பினேன். அங்கிருந்து பேசியவர், படத்திலிருந்த பள்ளங்களைச் சிவப்பு வட்டமிட்டுத் திருப்பி அனுப்பி, "சார், களிமண்ணில் கட்டைவிரலை அழுத்தியதுபோல் இருக்கிறதே, இது காற்று மண்டலத்தில் உருகியதற்கான அடையாளம்" என்றார். காந்தத்தை வைத்துப் பார்க்கச் சொன்னார், ஒட்டியது. கனத்தையும் கேட்டுவிட்டு, "சந்தேகமே இல்லை" என்றார். நான் விழுந்தது அந்தச் சிவப்பு வட்டங்களில்தான், ஏனென்றால் விண்கல்லில் அப்படிப்பட்ட பள்ளங்கள் இருப்பது உண்மையே. பரிசோதனைக் கட்டணம் என்று ரூ.6,500, சான்றிதழுக்கும் பதிவுக்கும் ரூ.12,000, ஆக ரூ.18,500 அன்றே போனது.

பிறகு ஆய்வகத்துக்கு விடுமுறை என்றார்கள். வெளிநாட்டு வாங்குபவர் பயணத்தில் இருக்கிறார் என்றார்கள். கடைசியில் கட்டணம் திருப்பித் தரப்படாது என்பது விதியிலேயே இருக்கிறது என்றார்கள். கல்லை ஒருமுறைகூட அனுப்பச் சொல்லவில்லை என்பது எனக்கு அப்போதும் உறைக்கவில்லை.

ஊர்க் கொல்லுப்பட்டறைப் பெரியவர் கல்லைக் கையில் வாங்கிப் புரட்டிவிட்டு, "தம்பி, இது கிட்டம்" என்று ஒரே சொல்லில் முடித்தார். பழைய இரும்பு உருக்கலில் கழிந்த கசடு. என் மனம் ஒப்பவில்லை. தெரிந்த நிலவியல் ஆசிரியரிடம் எடுத்துப் போனேன். அவர் முதலில் கல்லைக் கயிற்றில் கட்டி நீரில் அமிழ்த்தி எடை பார்த்தார்: 2.4 கிலோ. குறைந்த ஒரு கிலோவால் 3.4-ஐ வகுத்தால் அடர்த்தி 3.4. சாதாரணக் கல்வகை விண்கல்லின் அடர்த்தியும் ஏறத்தாழ இதுவே, இரும்புக் கசடின் அடர்த்தியும் இதே அளவில் வரக்கூடும் என்றபோதுதான் கனம் எதையும் நிரூபிக்காது என்று புரிந்தது. காந்தமும் அப்படித்தான்; கசடுக்குள் உருகித் தங்கிய இரும்புத் துளிகள் ஒட்டத்தான் செய்யும்.

பிறகு ஒரு மூலையை அரத்தால் தேய்த்து லென்ஸ் வைத்துக் காட்டினார். கடுகளவு குமிழித் துளைகள் உள்ளே முழுவதும் இருந்தன. உலோகம் கலந்த கல்வகை விண்கல்லாக இருந்தால் வெளியே ஒரு மில்லிமீட்டருக்கும் மெல்லிய கரும்புறணியும், உள்ளே வெளிர் சாம்பல் நிறமும், அதில் மின்னும் உலோகப் புள்ளிகளும் இருந்திருக்கும். என் கல் உள்ளும் புறமும் ஒரே கருமை. அந்த ஆள் வட்டமிட்ட பள்ளங்களுக்குள் இன்னும் சிறிய துளைகள் இருந்தன, விளிம்புகளும் கூர்மையாக இருந்தன. அவை வெடித்த குமிழிகள். விண்கல்லின் பள்ளம் ஆழமின்றி, விளிம்பு மழுங்கி வழவழப்பாக இருக்குமாம். அடிப்புறத்தில் கரித்துண்டு பதிந்த அச்சுகூட இருந்தது! அந்தப் பக்கத்தை நான் படமே எடுக்கவில்லை, அவர்களும் கேட்கவில்லை.

படத்தைப் பார்த்து "இது விண்கல் அல்ல" என்று பல வேளைகளில் சொல்லிவிடலாம், "இது விண்கல்தான்" என்று சொல்லவே முடியாது என்றார் ஆசிரியர். ஒரு விண்கல் முறைப்படி பெயர் பெற வேண்டுமானால், 20 கிராம் அல்லது மொத்த எடையில் 20 விழுக்காடு, இவற்றில் எது குறைவோ அந்த அளவு மாதிரியை ஓர் ஆய்வு நிறுவனத்தில் ஒப்படைக்க வேண்டுமாம். வாட்ஸ்அப் படத்துக்கு யார் சான்றிதழ் தருவார்கள்? இதைக் கேட்காமல்தான் ரூ.18,500 கட்டியிருக்கிறேன்.

விரிவாக அறிவுரை எழுத இப்போது மனமில்லை. துளை தெரிந்தால் ஆசையை விட்டுவிடுங்கள். எல்லாப் பக்கத்தையும், உடைந்த முனை இருந்தால் அதையும், பகல் வெளிச்சத்தில் பக்கத்தில் ஒரு நாணயம் வைத்துப் படமெடுங்கள். வலிமையான காந்தத்தைத் தேய்த்துக்கொண்டே இருக்காதீர்கள், உண்மையான விண்கல்லாக இருந்தால் அதன் பழைய காந்தப் பதிவு அழிந்துவிடும். முன்பணம் கேட்டால் பேச்சை நிறுத்துங்கள். ஏமாந்துவிட்டால் உடனே சைபர் குற்ற உதவி எண்ணான 1930-ஐ அழையுங்கள். நான் இரண்டு வாரம் கழித்துத்தான் அழைத்தேன்.

இன்று காலையும் அந்தத் தளத்து ஆளின் எண்ணுக்கு முயன்றேன், மணிகூட அடிக்கவில்லை. கிட்டம் மாட்டுக்கொட்டகைக் கதவுக்கு முட்டாகக் கிடக்கிறது.