எட்டு பிளாக், எட்டு குரூப்: தனித்தனியா, கம்யூனிட்டியா?

"நாளை 10 மணிக்குத் தண்ணீர் வராது" என்று அடுக்குமாடிக் குடியிருப்பின் எட்டு பிளாக்குக்கும் வாட்ஸ்அப்பில் சொல்ல வேண்டும். தனித்தனிக் குரூப்பா, பல குரூப்களை ஒன்றாக இணைக்கும் கம்யூனிட்டியா?

அனுப்புவது
தனிக் குரூப்: ஒருமுறைக்கு ஐந்து சாட்டுக்குத்தான் ஃபார்வர்டு ஆகும். வந்த செய்தியே ஃபார்வர்டு என்றால் ஒவ்வொரு குரூப்பாகத்தான்.
கம்யூனிட்டி: எல்லா உறுப்பினரும் இருக்கும் அறிவிப்புக் குரூப்பில் ஒரே பதிவு.

திருத்துவது
தனிக் குரூப்: 10 அல்ல, 11 மணி என்றால் எட்டு இடத்திலும் தனித்தனியாக மாற்ற வேண்டும். ஒன்று விடுபட்டால் அந்த பிளாக்கில் சண்டைதான்.
கம்யூனிட்டி: 15 நிமிடத்துக்குள் எடிட் செய்தால் போதும்.

தனியுரிமை
தனிக் குரூப்: உறுப்பினர் எல்லோருக்கும் எண் தெரியும்.
கம்யூனிட்டி: அறிவிப்புக் குரூப்பில் மற்ற உறுப்பினர்களுக்கு எண் மறைந்திருக்கும். ஆனால் உள்ளே இருக்கும் பிளாக் குரூப்பில் வழக்கம்போலத் தெரியும்.

அமைக்க, New community தொட்டு, இருக்கும் குரூப்களைச் சேருங்கள். நீங்கள் அட்மினாக உள்ள குரூப்பை மட்டுமே சேர்க்க முடியும். எனவே முதலில் எட்டிலும் அட்மின் ஆகுங்கள். ஒரு குரூப் ஒரே கம்யூனிட்டியில்தான் இருக்கும்.

சிக்கல் வருவது வீடு காலி செய்பவரிடம். பிளாக் குரூப்பிலிருந்து மட்டும் நீக்கினால் அவர் கம்யூனிட்டியில் தொடர்வார், அறிவிப்பும் போகும். கம்யூனிட்டியிலிருந்தே நீக்குங்கள், எல்லாக் குரூப்பிலிருந்தும் போய்விடுவார்.

இரண்டு மூன்று குரூப்தான், எல்லோரும் பதில் பேச வேண்டும் என்றால் தனிக் குரூப்பே போதும். ஐந்தைத் தாண்டினால், அறிவிப்பு அடிக்கடி என்றால், கம்யூனிட்டி. பின்னர் அதைக் கலைத்தாலும் பிளாக் குரூப்கள் அப்படியே இருக்கும். அறிவிப்புக் குரூப் மட்டும் மூடிவிடும்.