2,499 ரூபாய் ‘மினி ஏசி’ விளம்பரம்: ஸ்கிரீன்ஷாட்டை வைத்தே கண்டுபிடிக்கலாம்

வெயில் ஏற ஏற முகநூலிலும் இன்ஸ்டாகிராமிலும் ஒரு விளம்பரம் ஓயாமல் வருகிறது. மேசையில் வைக்கும் அளவில் ஒரு வெள்ளைப் பெட்டி, முகப்பில் நீல விளக்கு, அதிலிருந்து பனிப்புகை. ‘பத்து நிமிடத்தில் அறை முழுக்க ஏசி குளிர்ச்சி, கரண்ட் பில் கவலை இல்லை’ என்று எழுதி, 6,999 ரூபாயை அடித்துவிட்டு 2,499 என்று போட்டிருப்பார்கள். செக்கானூரணியில் இருக்கும் என் சித்தியிடம் இந்தப் பெட்டியைக் கொடுத்துத்தான் 2,499 ரூபாயைப் பறித்திருக்கிறார்கள். மதுரை டவுன்ஹால் ரோடு பக்கம் ஒரு எலக்ட்ரிக்கல் கடையில் நான் வேலை செய்கிறேன். ஏப்ரல், மே மாதங்களில் இதே படத்தைப் போனில் காட்டி “இது உங்க கடையில இருக்கா?” என்று கேட்காத ஆளில்லை. அதனால் விவரமாகவே எழுதுகிறேன்.

சித்தி வீடு ஷீட் போட்ட வீடு. மத்தியானம் உள்ளே உட்கார முடியாது. சித்தப்பா கால் எலும்பு முறிந்து கட்டிலோடு கிடந்தார். அவருக்காகத்தான் சித்தி ஆர்டர் போட்டார். பொருள் வந்ததும் பணம் கொடுக்கும் முறை என்பதால் பயமில்லை என்று நினைத்தார். ஆனால் கொண்டுவந்த பையன், பணம் கட்டினால்தான் பார்சலைப் பிரிக்க முடியும் என்றான். அவன் மேல் குற்றமில்லை, கூரியரின் விதி அப்படி. பிரித்தால் உள்ளே ஒரு பிளாஸ்டிக் பெட்டி, சின்ன ஃபேன், தண்ணீரில் நனையும் ஒரு ஃபில்டர், ஒரு யூஎஸ்பி வயர். சொருகுவதற்கு அடாப்டர்கூட இல்லை. “ஏப்பா, இதுல காத்தே வரல, நீ பாத்துச் சொல்லு” என்று விளம்பர ஸ்கிரீன்ஷாட்டையும் பெட்டியின் படத்தையும் வாட்ஸ்அப்பில் அனுப்பினார்.

அந்த ஸ்கிரீன்ஷாட்டை விலை தெரியாமல் பார்த்தாலே இது ஏசி இல்லை என்று சொல்லிவிடலாம். ஏசி எதுவானாலும் அறையின் சூட்டை எடுத்து வெளியே தள்ள வேண்டும். ஸ்பிளிட் ஏசிக்கு வெளியே ஒரு யூனிட் இருக்கிறது. சக்கரம் வைத்து நகர்த்தும் போர்ட்டபிள் ஏசிக்கும் ஜன்னல் வழியாகச் சூடான காற்றை அனுப்பத் தடித்த குழாய் உண்டு. இந்தப் படத்தில் குழாய் இல்லை, வெளி யூனிட் இல்லை. பின்பக்கம் தொங்குவது செல்போன் சார்ஜருக்குப் போடுகிற அதே வயர். மேல்மூடியைத் திறந்து தண்ணீர் ஊற்றுகிற மாதிரி இன்னொரு படம். அப்படியானால் இது தண்ணீர் ஆவியாவதால் காற்றைக் கொஞ்சம் குளிர வைக்கிற கூலர், அதிலும் மிகச் சிறியது.

எவ்வளவு குளிர்விக்கும் என்பதையும் விளம்பரத்தில் இருந்தே கணக்குப் போடலாம். ‘600 மில்லி டேங்க், 8 மணி நேரம் ஓடும்’ என்று அவர்களே போட்டிருந்தார்கள். ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக ஏறத்தாழ 2,400 கிலோஜூல் வெப்பத்தை எடுத்துக்கொள்ளும். 600 மில்லிக்கு 1,440 கிலோஜூல். அதை எட்டு மணி நேரத்துக்குப் பிரித்தால் 50 வாட். ஒரு டன் ஏசியின் குளிரூட்டும் திறன் சுமார் 3,500 வாட். எழுபதில் ஒரு பங்குகூடத் தேறவில்லை. சும்மா உட்கார்ந்திருக்கும் ஒரு மனிதரின் உடம்பிலிருந்தே 100 வாட் அளவுக்குச் சூடு வெளியேறுகிறது. அறையில் ஒரே ஆள் இருந்தால், அவர் சூட்டில் பாதியைத்தான் இந்தப் பெட்டியால் ஈடுகட்ட முடியும். முகத்துக்கு நேரே ஒரு அடி தூரத்தில் வைத்தால் ஜில்லென்று தெரியும், அவ்வளவே. ஐஸ் கட்டி போடச் சொல்வதும் பெரிய உதவி இல்லை. கால் கிலோ ஐஸ் உருகுவதற்கு 85 கிலோஜூல்கூடத் தேவைப்படாது.

கூலர் என்ற பொருளையே நான் குறை சொல்லவில்லை. நம் ஊர்ச் சித்திரை, வைகாசி வறண்ட சூட்டில் 30, 40 லிட்டர் பிடிக்கிற கூலரை ஜன்னலோரம் வைத்து, எதிர்ப்பக்கக் கதவைத் திறந்து வைத்தால் நல்ல காற்று வரும். ஆவியாகும் தண்ணீர் அதிகம், வெளிக்காற்றும் உள்ளே வருகிறது. மழை பெய்து காற்று ஈரமாகிவிட்டால் அதுவும் கைகொடுக்காது. கதவை அடைத்த அறையில் எந்தக் கூலரை ஓட்டினாலும் புழுக்கம்தான் மிஞ்சும்.

பொருள் என்ன என்று தெரிந்த பிறகுதான் விலையைப் பார்க்க வேண்டும். கூகுள் லென்ஸில் ஸ்கிரீன்ஷாட்டை அப்படியே போட்டால் சரியாக வராது. படத்தின் மேல் எழுதிய எழுத்தையும் விலை வட்டத்தையும் அது தேடப் போய், வேறு வேறு விளம்பரங்களைக் காட்டும். படத்தை வெட்டி, பெட்டி மட்டும் தெரிகிற மாதிரி வைத்துத் தேடினேன். புகை கிராபிக்ஸ் இல்லாமல், பட்டன் இருக்கும் முகப்பு தெளிவாகத் தெரிகிற படமாக எடுத்தால் நல்லது. தேடிய உடனே அதே படம், அதே மேசை, பின்னால் அதே ஜன்னல், ஆனால் கடைக்குக் கடை ஒரு பிராண்ட் பெயரில் வந்து நின்றது. ஒரே படத்துக்கு இத்தனை பெயர் இருந்தால், யாரோ மொத்தமாகச் செய்யும் பொருளுக்கு ஆளாளுக்கு ஸ்டிக்கர் ஒட்டி விற்கிறார்கள் என்று அர்த்தம். எங்கள் வியாபாரத்தில் இது சகஜம், சட்டப்படி தவறும் இல்லை. ஆனால் ‘எங்கள் கண்டுபிடிப்பு, வேறு எங்கும் கிடைக்காது’ என்று அந்த விளம்பரம் சொன்னது பச்சைப் பொய்.

தேடலில் வந்த கடைகளில் தலைப்பைப் பார்த்தால் பொருளின் பொதுப்பெயர் கிடைத்துவிடும். இதற்கு `mini air cooler USB 600ml` என்று எழுதித் தேடினேன். ‘ஏசி’ என்று தேடாதீர்கள், மறுபடியும் அதே ஆட்களிடம்தான் போய் நிற்பீர்கள். அடுத்து ஒப்பிட வேண்டியது டேங்க் அளவு, வாட், பட்டன்கள், ஃபேன் வேகம் எத்தனை என்பது. வெளித்தோற்றம் ஒன்றாக இருந்து உள்ளே சின்ன சைஸ் விற்பவர்களும் உண்டு. அதனால் நீளம், அகலம் சென்டிமீட்டரில் போட்டிருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

அன்றைக்கு நான் பார்த்தபோது மொத்த வியாபாரத் தளத்தில் 300 ரூபாய்ச் சுற்றில் இருந்தது. அதைப் பிடித்துக்கொண்டு “முந்நூறு ரூபாய்ப் பொருள்” என்று சண்டைக்குப் போவது நியாயமில்லை. அது நூறு, இருநூறு உருப்படி எடுப்பவருக்கான விலை. ஏற்றுக்கூலி, ஜிஎஸ்டி, உடைசல், கடை வாடகை எல்லாம் அதற்கு மேல்தான். ஒரே ஒரு பெட்டி வாங்குகிற நாம் பார்க்க வேண்டியது, திருப்பி எடுத்துக்கொள்ளும் வசதியோடு பெரிய ஷாப்பிங் தளங்களில் விற்கும் சில்லறை விலை. அடித்துப் போட்ட எம்ஆர்பியைக் கண்டுகொள்ள வேண்டாம். மிகக் குறைந்த விலையையும் மிக அதிக விலையையும் ஒதுக்கிவிட்டு நடுவில் கூட்டமாக நிற்கும் விலையைப் பாருங்கள். அது 600 முதல் 800 ரூபாய் வரை இருந்தது. அதே பொருளை ஒருவர் 1,000 ரூபாய்க்கு விற்று, பழுதானால் மாற்றியும் கொடுத்தால் அதை நான் நியாயமான விலை என்றே சொல்வேன். 2,499 என்பது அந்த 600, 800 ரூபாய்ச் சில்லறை விலையில் மூன்று மடங்குக்கும் மேல்.

அந்த மீதிப் பணம் எங்கே போகிறது என்பது தெரிந்தவர்களுக்குத் தெரியும். ஒவ்வொரு ஆர்டரையும் பிடிக்க விளம்பரத்துக்குக் கொட்டுகிறார்கள். வீட்டு வாசலில் வேண்டாம் என்று திருப்பி அனுப்பப்படும் பார்சல்களின் போக்குவரத்துச் செலவையும் வாங்குகிறவர் தலையில்தான் ஏற்றுகிறார்கள். பொருளின் தரத்தில் ஒரு ரூபாய்கூடக் கூடுவதில்லை.

விற்பவர் யார் என்று பார்த்தால் இன்னும் மோசம். 2020-ஆம் ஆண்டின் மின்வணிக விதிகளின்படி விற்பவர் தன் சட்டப்படியான பெயர், முகவரி, குறைதீர்ப்பு அதிகாரியின் விவரம், பொருளைத் திருப்பி எடுக்கும் விதிமுறை எல்லாவற்றையும் காட்ட வேண்டும். பொட்டலத்தின் மேல் எம்ஆர்பியும், தயாரித்தவர் அல்லது இறக்குமதி செய்தவர் பெயர் முகவரியும், எந்த நாட்டுப் பொருள் என்பதும் இருக்க வேண்டும். சித்தி ஆர்டர் போட்ட தளத்தில் ஒரு ஜிமெயில் முகவரியும் ஒரு வாட்ஸ்அப் எண்ணும் மட்டும் இருந்தன. பெட்டியின் மேல் இந்த விவரம் ஒன்றுமே இல்லை. அந்த வாட்ஸ்அப் எண்ணில் கேட்டதற்கு, “சார், இது கூலர், நாங்க ஏசின்னு சொல்லவே இல்லையே. பிரிச்ச பொருளுக்கு ரிட்டர்ன் கிடையாது” என்று பதில். ஸ்கிரீன்ஷாட்டை அனுப்பினேன். பிளாக் செய்துவிட்டார்கள்.

அந்த ஸ்கிரீன்ஷாட்டிலும் ஒரு சிக்கல் இருந்தது. சித்திக்குத் தெரிந்தவர் அனுப்பியபோதே மேலே இருந்த பக்கத்தின் பெயர் வெட்டுப்பட்டிருந்தது. முகநூலையும் இன்ஸ்டாகிராமையும் நடத்தும் மெட்டாவின் Ad Library-யில் பக்கத்தின் பெயரைப் போட்டால் அது இப்போது ஓட்டும் விளம்பரங்களையும், எப்போது தொடங்கியது என்பதையும் பார்க்கலாம். ஆனால் சாதாரண வணிக விளம்பரம் நிறுத்தப்பட்டுவிட்டால் நம் நாட்டில் அதில் தெரியாது. எனவே ஸ்கிரீன்ஷாட் எடுக்கும்போதே பக்கத்தின் பெயர், தேதி, கடைத் தளத்தின் முழு முகவரி எல்லாம் விழும்படி எடுங்கள். சித்தி போனின் பிரவுசர் வரலாற்றில் இருந்துதான் அந்தத் தளத்தின் முகவரியை மீட்டோம்.

1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்து எண் வாங்கியிருக்கிறோம். கூரியர் ஸ்டிக்கரில் அனுப்புநர் என்று இருந்த முகவரிக்கு ஸ்பீட் போஸ்டில் கடிதமும் போட்டாயிற்று. பணம் இன்னும் வரவில்லை. மதுரை மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகப்போகிறோம். பொருளுக்குக் கொடுத்த தொகை ஐந்து லட்சத்துக்குள் இருந்தால் அங்கே கட்டணம் இல்லை. பார்சல் உறையைத் தூக்கிப் போட்டிருந்தால் எதிர்தரப்பு என்று எழுத ஒரு பெயர்கூட எங்களிடம் இருந்திருக்காது.

இந்த வாரம் அதே பெட்டி வேறொரு பெயரில், 1,999 ரூபாய்க்கு வருகிறது. பெட்டியின் நிறத்தை மட்டும் இளநீலமாக்கியிருக்கிறார்கள். பின்னால் இருக்கும் மேசையும் ஜன்னலும் அதேதான்.