பெயரை மாற்றினேன், பழைய பெயரில் வேறொருவன் கடை போட்டான்

இன்ஸ்டாகிராமில் வியாபாரம் செய்கிறவர்கள், பக்கத்தின் பெயரை மாற்றும் யோசனை இருந்தால் இதைப் படித்துவிட்டு மாற்றுங்கள்.

நான் பவானிக்காரன். ஆறு வருடமாகச் சென்னிமலை பெட்ஷீட் விற்கிறேன். பக்கத்தின் பெயரும் பெட்ஷீட் என்றுதான் முடியும். எங்கள் ஊர் ஜமக்காளத்தையும் சேர்த்த பிறகு அந்தப் பெயர் ஒட்டவில்லை. டிஜிட்டல் மார்க்கெட்டிங் செய்கிற ஒருவர் 4,000 ரூபாய் வாங்கிக்கொண்டு பெயர், லோகோ எல்லாம் மாற்றிக் கொடுத்தார். "பழைய பேரு என்னாகுங்க?" என்று கேட்டேன். "அதுல தேடுனாலும் தானா புதுசுக்கு வந்துருங்கண்ணா" என்றார்.

வராது. பெயரை மாற்றினால் ஃபாலோயர்களும் பதிவுகளும் நம்மோடு வரும். பழைய பெயரில் இருந்த லிங்க் வராது. மனம் மாறினால் பழைய பெயருக்கே திரும்பிக்கொள்ள இன்ஸ்டாகிராம் பெரும்பாலும் 14 நாள் கொடுக்கிறது. அது முடிந்தால் அந்தப் பெயர் திறந்த வீடு, யார் வேண்டுமானாலும் குடியேறலாம். இந்த 14 நாள் கணக்கை அவர் சொல்லவே இல்லை. தெரிந்திருந்ததா என்பதே சந்தேகம்தான்.

ஒன்றரை மாதம் கழித்துக் காங்கேயத்திலிருந்து ஒரு அக்கா கூப்பிட்டார். "ஏனுங்க தம்பி, பணம் போட்டுப் பத்து நாளாச்சு, ஜமக்காளம் இன்னும் வரலீங்களே?" அவர் பெயரில் என்னிடம் ஆர்டரே இல்லை. எங்கே பார்த்து ஆர்டர் கொடுத்தீர்கள் என்று கேட்டால், போன வருடம் வாங்கிய பெட்ஷீட் கவரில் நான் ஒட்டியிருந்த க்யூஆர் ஸ்டிக்கரைத்தான் ஸ்கேன் செய்திருக்கிறார். அந்தக் கட்டத்துக்குள் இருப்பது பழைய பெயர் போட்ட லிங்க் மட்டும்தான். அது நேராக, அந்தப் பெயரை எடுத்துக்கொண்ட வேறொருவன் பக்கத்தைத் திறந்துவிட்டது. 3,200 ரூபாய் போச்சு.

அந்தப் பக்கத்தைத் திறந்து பார்த்ததும் வயிறு கலங்கியது. எல்லாம் என் படங்கள். சிவப்பும் பச்சையும் பட்டை போட்ட ஜமக்காளம், எங்கள் திண்ணையில் விரித்து நானே எடுத்தது. ஒவ்வொரு படத்தின் மூலையிலும் பழைய பெயர் வாட்டர்மார்க்காக இருந்தது. திருடக் கூடாதென்று நான் போட்ட முத்திரை, அவன்தான் உண்மையான ஆள் என்று சாட்சி சொல்லிக்கொண்டிருந்தது.

அக்காவைச் சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930-க்குக் கூப்பிட்டுப் புகார் கொடுக்கச் சொன்னேன். பத்து நாள் தாமதம், பணம் திரும்பவில்லை. ஆள்மாறாட்டம் என்று நான் இன்ஸ்டாகிராமில் கொடுத்த புகாருக்கு அடையாள அட்டை கேட்டார்கள். இரண்டு வாரத்தில் அவன் பக்கம் போனது. பழைய பெயரை நானாவது எடுத்துக்கொள்ளலாம் என்று பார்த்தால், விதிமீறலுக்காக நீக்கிய கணக்கின் பெயர் யாருக்கும் திரும்பக் கிடைக்காதாம். அதுவும் ஒரு வகையில் நல்லதுதான்.

அதற்கப்புறம் தம்பியின் பக்கத்துக்குப் பெயர் மாற்றியபோது அவசரப்படவில்லை. முதலில் படங்கள். பழைய பெயர் பொறித்தவற்றை ஆர்க்கைவுக்கு அனுப்பிவிட்டு, வாட்டர்மார்க் இல்லாமல் திரும்பப் போட்டோம். கூகுள் மேப், வாட்ஸப் பிசினஸ் புரொஃபைல் என்று பழைய லிங்க் இருந்த இடங்களின் பட்டியலை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டோம். பிறகு, மாற்றுவதற்கு இரண்டு வாரம் முன்பே, பழைய பெயரிலிருந்தே அறிவிப்பு: புதுப் பெயர் இது, பணம் கேட்பது இந்த யூபிஐ பெயரில் மட்டும். அந்தப் பதிவைப் பக்கத்தின் மேலே பின் செய்தோம். ஸ்டோரியை மட்டும் நம்பினால் 24 மணி நேரத்தில் மறைந்துவிடும். வாட்ஸப் பிராட்காஸ்டும் நம் எண்ணைச் சேமித்து வைத்திருப்பவருக்கு மட்டும்தான் போகும். மற்றவர்களுக்குத் தனித்தனியாக அனுப்பினோம்.

மாற்றுகிற அன்று, வேறொரு மெயிலில் ஏற்கெனவே தொடங்கி வைத்திருந்த காலிக் கணக்கைப் பக்கத்து போனில் திறந்து வைத்தோம். இங்கே பெயரை விட்டதும் அங்கே பழைய பெயரைக் கேட்டோம். முதல் நாள் "This username isn't available" என்றே வந்தது. விடாமல் தினமும் இரண்டு வேளை முயன்றோம்; பதினைந்தாம் நாள் கிடைத்தது. அந்தக் கணக்கில் பொருள் படம் எதுவும் இல்லை, புதுப் பெயரைச் சொல்லும் ஒரே ஒரு பதிவு. அதை டெலீட் செய்ய மாட்டோம். செய்தால் பெயர் மறுபடி அடுத்தவன் கைக்குப் போகலாம். டீஆக்டிவேட் செய்தால் தேடி வருகிறவருக்கு அறிவிப்பே தெரியாது. அதனால் திறந்தே கிடக்கிறது.

காங்கேயம் அக்காவுக்கு என் செலவில் ஜமக்காளம் அனுப்பினேன். கூரியரில் கொடுக்கும் முன் பார்சலைப் புரட்டினால், கடைப் பையன் மிச்சமிருந்த பழைய க்யூஆர் ஸ்டிக்கரைத்தான் ஒட்டியிருந்தான்.