மைத்துனருக்கு அறுவை சிகிச்சை, உங்களுக்கு மாத்திரை: ஏன் இந்த வேறுபாடு?

அன்புள்ள ஐயா,

வணக்கம். செவ்வாய்க்கிழமை நீங்களும் அம்மாவும் புதுச்சேரிக்கு வந்திருந்தபோது, கிளம்பும் நேரத்தில் ஒரு கேள்வி கேட்டீர்கள். மைத்துனர் புராஸ்டேட் அறுவை சிகிச்சை செய்துகொண்டு நிம்மதியாக இருக்கிறார், மகனோ மாத்திரையே போதும் என்கிறான், எது சரி என்று கேட்டீர்கள். பரிசோதனை முடிவுகள் எல்லாம் இப்போது என் மேசையில் இருக்கின்றன. அவற்றைப் பார்த்தே பதில் சொல்கிறேன்.

முதலில் உங்கள் மனத்தை அரிக்கும் புற்றுநோய்ப் பயத்தைப் போக்கிவிடுகிறேன். புராஸ்டேட் சுரப்பியில் கோளாறு இருந்தால் ரத்தத்தில் கூடும் பி.எஸ்.ஏ. அளவு 2.1 வந்திருக்கிறது. 64 வயதில் இது கவலைப்படும் அளவு இல்லை. விரலால் தொட்டுப் பார்த்தபோதும் சுரப்பி வழவழப்பாக, இரு பக்கமும் சமமாக இருந்தது. கட்டியான இடம் எதுவும் தட்டுப்படவில்லை. இரண்டும் ஒரே பக்கம் சாய்வதால் இப்போது ஊசி குத்திச் சதை எடுத்துப் பார்க்க வேண்டியதில்லை. ஓராண்டு கழித்து இந்த ரத்தப் பரிசோதனையை மறுபடி செய்தால் போதும். சிறுநீரகம் வேலை செய்வதைக் காட்டும் கிரியாட்டினின் 0.9, அதுவும் இயல்பு; ஸ்கேனில் சிறுநீரகங்களில் வீக்கம் இல்லை, சிறுநீரில் கிருமித்தொற்றும் இல்லை.

சிறுநீர் ஓட்டப் பரிசோதனைக்கு வருவோம். முதல் தாளில் வேகம் விநாடிக்கு 6 மி.லி. என்று இருந்ததைப் பார்த்து நீங்கள் முகம் வாடிப்போனீர்கள். அந்த முறை நீங்கள் கழித்தது வெறும் 90 மி.லி. 150 மி.லி.யாவது கழித்தால்தான் அந்தக் கணக்கை நம்பலாம். அதனால்தான் தண்ணீர் குடிக்க வைத்து, ஒரு மணி நேரம் காத்திருக்கச் சொன்னேன். இரண்டாம் முறை 210 மி.லி. போனது, வேகம் 9.2. பதினைந்துக்கு மேல் இருந்தால் நல்ல ஓட்டம் என்போம். பத்துக்குக் கீழே என்றால் அடைப்பு இருக்க வாய்ப்பு அதிகம். ஆகவே பெருத்த சுரப்பியால் சிறுநீர்ப் பாதையில் அடைப்பு இருக்கிறது என்றே எடுத்துக்கொள்கிறேன், ஆனால் முதல் தாள் காட்டிய அளவுக்கு மோசமில்லை. கழித்த பிறகு சிறுநீர்ப் பையில் தங்குவது 70 மி.லி. சுரப்பியின் அளவு 48 கன செ.மீ., இயல்பைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. சிறுநீர்த் தொல்லைகள் பற்றிய கேள்வித்தாளில் நீங்கள் குறித்த மதிப்பெண் 35க்கு 17. அது நடுத்தரத் தொல்லை.

இனி மைத்துனர் கதை. நீங்கள் சொன்னபடி, அவருக்கு ஒரு நாள் சிறுநீர் முற்றிலும் அடைத்துக்கொண்டு டியூப் போட்டார்கள்; இரண்டு முறை எடுத்துப் பார்த்தும் அவரால் தானாகக் கழிக்க முடியவில்லை. அந்த நிலைக்கு அறுவை சிகிச்சைதான் சரியான வழி, அவருடைய மருத்துவர் செய்தது முறையானது. உங்களுக்கு ஒருமுறைகூட அடைத்ததில்லை, பையில் கல் இல்லை, சிறுநீரில் ரத்தம் இல்லை, சிறுநீரகம் பாதிக்கப்படவில்லை. இவற்றில் ஒன்று இருந்திருந்தால் நானும் கத்தியைத்தான் எடுத்திருப்பேன். நோய் ஒன்றுதான், நீங்கள் இருவரும் நிற்கும் இடம்தான் வேறு.

அறுவை சிகிச்சை மாத்திரையைவிட அதிக நிவாரணம் தரும் என்பதை மறைக்கவில்லை. சிறுநீர்ப் பாதை வழியாகவே கருவியைச் செலுத்தி, அடைக்கும் சதையைச் சுரண்டி எடுப்போம். வெளியே தையல் இருக்காது. இரண்டு மூன்று நாள் டியூப் இருக்கும். ஒரு மாதம் கனமான பொருள் தூக்கக் கூடாது, பைக் ஓட்டக் கூடாது. ரத்தக்கசிவு, தொற்று போன்றவை சிலருக்கு வரலாம். பெரும்பாலோருக்கு அதன்பின் விந்து வெளியே வராமல் பைக்குள் திரும்பிவிடும், அது நிரந்தரம். அறையில் அம்மா இருந்ததால் இதை நான் விரிவாகப் பேசவில்லை. நீங்கள் தெரிந்துகொண்டுதான் முடிவெடுக்க வேண்டும்.

மாத்திரைகளிலும் இரண்டு வகை உண்டு. டாம்சுலோசின் சுரப்பியின் அளவைக் குறைக்காது. பையின் வாயிலிலும் சுரப்பியிலும் உள்ள தசையைத் தளர்த்தும். சில நாட்களிலேயே ஓட்டம் சீராவதை உணரலாம். சட்டென எழுந்தால் தலைசுற்றலாம், விந்தும் குறையலாம்; ஆனால் நிறுத்தினால் பழையபடி ஆகிவிடும். டூட்டாஸ்டரைடு வேறு மாதிரி. ஆறு மாதத்தில் சுரப்பியையே கால் பங்கு வரை சுருக்கும், பிற்காலத்தில் திடீரென அடைத்துக்கொள்ளும் அபாயத்தையும் குறைக்கும். உங்களுடையதைப் போலப் பெரிய சுரப்பிக்குத்தான் அது பலன் தரும். சிலருக்குத் தாம்பத்திய நாட்டம் குறையும். இன்னொன்று: அதைச் சாப்பிட்ட ஆறு மாதத்தில் பி.எஸ்.ஏ. பாதியாக இறங்கிவிடும். லேப் தாளில் 1.2 என்று வந்தால் அதை 2.4 என்றே படிக்க வேண்டும். எந்த மருத்துவரிடம் போனாலும் இந்த மாத்திரை சாப்பிடுவதைச் சொல்லுங்கள்.

எனக்கு டாம்சுலோசினை உடனே எழுதித் தரத்தான் ஆசை. தடுத்தது நீங்கள் போகிறபோக்கில் சொன்ன ஒரு விஷயம்: அடுத்த மாதம் வலது கண்ணில் கண்புரை அறுவை சிகிச்சை. இந்த மாத்திரை சிறுநீர்ப் பையின் தசையோடு நிற்பதில்லை, கண்ணின் பாவையை விரிக்கும் தசையையும் தளர்த்திவிடும். அறுவை சிகிச்சையின்போது பாவை சரியாக விரியாது, கருவிழித் திரை துவண்டு படபடக்கும். 2005இல் கண் மருத்துவர்கள் இதை முதன்முதலாக விவரித்தார்கள். மாத்திரையை நிறுத்தினாலும் விளைவு முழுதாகப் போவதில்லை. ஏற்கெனவே சாப்பிடுகிறவர் என்றால் கண் மருத்துவர் முன்கூட்டியே தயாராகிச் சமாளித்துவிடுவார். நீங்கள் இன்னும் தொடங்கவே இல்லை. உங்கள் அடைப்பு ஒரு மாதம் பொறுத்திருக்கும். கண்ணை முதலில் முடித்துக்கொள்வோம். பின்னாளில் இடது கண்ணுக்குப் போகும்போது மாத்திரையின் பெயரை அங்கே சொல்ல மறக்க வேண்டாம்.

ஆகவே வரிசை இப்படி. கண் அறுவை சிகிச்சை வரை மருந்தில்லை. மாலை ஆறுக்குப் பிறகு தண்ணீரைக் குறையுங்கள், அந்த ஏழு மணிக் காபியை விட்டுவிடுங்கள். பஸ் ஏறும் முன் ஒரு முறை கழித்து, இரண்டு நிமிடம் நின்று மறுபடி முயலுங்கள். தவளக்குப்பம் தாண்டும்போது வரும் தவிப்பு பெரும்பாலும் குறையும். கண் மருத்துவர் சம்மதம் சொன்ன பிறகு டாம்சுலோசின் 0.4 மி.கி., இரவு உணவுக்குப் பின். ஆறு வாரத்தில் ஓட்டத்தையும் மதிப்பெண்ணையும் மறுபடி பார்ப்பேன். மதிப்பெண் பத்துக்குக் கீழே இறங்கியிருந்தால் அதையே தொடரலாம். இல்லையென்றால் டூட்டாஸ்டரைடைச் சேர்த்து ஆறு மாதம் பொறுமையாகப் பார்ப்போம். அதற்கும் மசியாவிட்டால் அறுவை சிகிச்சை பற்றி உட்கார்ந்து பேசுவோம். அப்போது பேசுவதால் நீங்கள் எதையும் இழந்துவிடப் போவதில்லை.

ஒன்றில் மட்டும் கண்டிப்பாக இருங்கள். சளி பிடித்தால் மருந்துக்கடையில் கேட்டு மூக்கடைப்பு மாத்திரை வாங்கிப் போட வேண்டாம். அவற்றில் பலவற்றில் இருக்கும் மருந்து பையின் வாயிலை இறுக்கிவிடும். நான் டியூப் போட்ட பலர் இரவில் ஒரு சளி மாத்திரை விழுங்கிவிட்டு வந்தவர்கள். முக்கியும் சிறுநீர் வராமல் அடிவயிறு கல்லாக இறுகினால், சிவப்பாகப் போனால், குளிர்க்காய்ச்சல் வந்தால், என்னைத் தேடிப் புதுச்சேரி வரை வராதீர்கள். கடலூரிலேயே அருகிலுள்ள மருத்துவமனையில் உடனே காட்டுங்கள்.

இத்துடன் ஒரு தாள் வைத்திருக்கிறேன். மூன்று நாளுக்கு எப்போது, எவ்வளவு கழித்தீர்கள் என்று அளந்து எழுதுங்கள். பழைய பிளாஸ்டிக் அளவுக் குவளை போதும். இரவில் எழுந்தவற்றைத் தனியாகக் குறியுங்கள். கண் கட்டு அவிழ்த்த மறு வாரம் அதை எடுத்துக்கொண்டு வாருங்கள்.

அன்புடன்,
உங்கள் சிறுநீரியல் மருத்துவர்
புதுச்சேரி