ஒரே விடை என்று சரிபார்த்த ரீசனிங் கேள்விகள்: நெடுநாள் பயன்படுத்தியதில் தெரிந்தது

வங்கித் தேர்வுக்குப் படிக்க ஆரம்பித்த காலத்திலிருந்து, இப்போது ஊரில் சில பிள்ளைகளுக்கு மாலையில் சொல்லிக்கொடுப்பது வரை, ரீசனிங் கேள்வித் தொகுப்புகள் என் கையை விட்டுப் போனதே இல்லை. எண் தொடர், சீட்டிங் அரேஞ்ச்மென்ட், கொடுத்த வாக்கியங்களிலிருந்து எந்த முடிவு வரும் என்று கேட்கும் சிலாஜிசம் இந்த மூன்றும்தான் அதிகம். அச்சுப் புத்தகம், செயலி, பிடிஎஃப் எல்லாம் பார்த்தாயிற்று. "ஒவ்வொரு கேள்விக்கும் சரிபார்க்கப்பட்ட ஒரே விடை" என்று போட்டிருக்கும் தொகுப்புகளை மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. அந்த வாக்குறுதிக்கு இந்த மூன்று வகையிலும் மூன்று வேறு பொருள் உண்டு. அதைத் தெரிந்துகொண்டு பயன்படுத்தினால்தான் காசுக்குப் பலன்.

முதலில் சரிபார்க்காத விடை என்ன செய்யும் என்று சொல்லிவிடுகிறேன். வங்கி அதிகாரி வேலைக்கான ஐபிபிஎஸ் பிஓ பிரிலிம்ஸில் ரீசனிங் 35 கேள்வி, 20 நிமிடம். ஒரு கேள்விக்கு 35 விநாடிகூட முழுசாகக் கிடைக்காது. தவறான விடைக்கு அந்தக் கேள்வியின் மதிப்பெண்ணில் கால் பங்கு போய்விடும். இந்த வேகத்தில் பழகுகிற ஒருவர், ஆன்சர் கீயில் வேறு விடையைப் பார்த்தால் தன் முறைதான் தப்பு என்று நினைத்து அதை மாற்றிக்கொள்வார். கீ தப்பாக இருந்தால், சரியாக யோசித்த ஒருவர் அதைக் கைவிட்டுவிடுகிறார். நான் காசு கட்டிப் பயன்படுத்திய ஒரு செயலியில் இது திரும்பத் திரும்ப நடந்தது. புகார் அனுப்பினால் "நன்றி" என்று பதில் வரும், விடை அப்படியே இருக்கும். அதற்குப் பிறகுதான் சரிபார்த்த தொகுப்புகளைத் தேடிப் போனேன்.

பிழை எங்கிருந்து வருகிறது என்பதும் முக்கியம். டிஎன்பிஎஸ்சி உத்தேச விடைகளை வெளியிட்டு ஆட்சேபம் கேட்கிறது. எஸ்எஸ்சியிலும் அந்த வழி உண்டு. ஐபிபிஎஸ் பல ஆண்டுகளாகக் கேள்வித்தாளையோ விடையையோ வெளியிட்டதில்லை. அதனால் சந்தையில் கிடைக்கும் பழைய வினாத்தாள்கள் பெரும்பாலும் "மெமரி பேஸ்டு". தேர்வு எழுதி வெளியே வந்தவர்கள் ஞாபகத்திலிருந்து சொன்னதைக் கோத்து எழுதியவை. எண் தொடரில் ஆறு எண்ணை ஞாபகம் வைத்துக்கொள்ளலாம். எட்டுப் பேர் உட்காரும் புதிரில் ஏழெட்டுக் குறிப்புகள் இருக்கும், ஒன்று விட்டுப்போனாலும் படிப்பவருக்குத் தெரியாது. ஆனால் புதிருக்கு இரண்டு விடை வந்துவிடும்.

ஒரு உதாரணம். ஆறு பேர் வட்ட மேசையைச் சுற்றி மையத்தைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறார்கள்: அருண், பானு, சேகர், தேவி, எழில், மணி. அருணுக்கு நேர் எதிரில் தேவி. அருணுக்கு வலப்புறம் இரண்டாவதாக பானு. சேகரும் எழிலும் பக்கத்துப் பக்கத்தில் இல்லை. மணி தேவிக்குப் பக்கத்தில். கேள்வி: பானுவுக்கு நேர் எதிரில் யார்? கீயில் "எழில்" என்று இருக்கிறது.

அருணின் இருக்கையை 0 என்று வைத்து வலப்புறமாக 1, 2, 3, 4, 5 என்று எண்ணிக்கொள்ளுங்கள். தேவி 3, பானு 2. தேவிக்கு இரு பக்கமும் 2, 4. அதில் 2 பானுவுக்குப் போய்விட்டது, ஆகவே மணி 4. மீதி 1, 5 இரண்டும் சேகருக்கும் எழிலுக்கும். இந்த இரண்டு இருக்கைகளுக்கும் நடுவில் அருண் இருக்கிறார், எனவே சேகரும் எழிலும் எப்படி உட்கார்ந்தாலும் பக்கத்தில் வர மாட்டார்கள். மூன்றாவது குறிப்பு புதிதாக எதையும் சொல்லவில்லை என்பது இங்கே தெரிந்துவிடுகிறது. பானுவுக்கு எதிர் இருக்கை 5. அங்கே எழில் இருக்கலாம், சேகரும் இருக்கலாம். கீ தப்பு. "தரவுகள் போதாது" என்று ஒரு தெரிவு இருந்தால் அதுதான் இந்தக் கேள்விக்கு ஒரே சரியான விடை.

இதைக் கண்டுபிடிக்க முழுப் புதிரையும் போட வேண்டியதில்லை. இரண்டு பெயர்களை எடுத்து, குறிப்புகளில் ஒன்றின் இடத்தில் மற்றதை மாற்றி எழுதிப் பாருங்கள். குறிப்புகள் மாறாமல் அப்படியே நின்றால், அந்த இருவரைப் பிரித்துச் சொல்ல அந்தப் புதிரால் முடியாது. இங்கே சேகர், எழில் இரண்டு பேரும் "பக்கத்தில் இல்லை" என்ற ஒரே குறிப்பில்தான் வருகிறார்கள், அதுவும் இருபுறமும் சமமான குறிப்பு. நான் புதிதாக எந்தத் தொகுப்பை வாங்கினாலும் முதலில் இந்தச் சோதனையைத்தான் செய்வேன். மெமரி பேஸ்டு புதிர்களில் இப்படிப்பட்டவை தவறாமல் அகப்படும்.

அப்புறம் இன்னொன்று. இதே புதிரில் "அருணுக்கு இடப்புறம் இரண்டாவது யார்?" என்று கேட்டிருந்தால் விடை மணி. இரண்டு அமைப்பிலும் மணிதான். அமைப்பு இரண்டாக இருந்தும் விடை ஒன்றாக இருக்கலாம் என்பதைப் பல விளக்கங்கள் கண்டுகொள்வதே இல்லை. ஒரு அமைப்பை வரைந்து அதிலிருந்து விடையை எடுத்துக் கொடுத்துவிடுகின்றன. நல்ல தொகுப்பில் இரண்டு படமும் இருக்கும், இரண்டிலும் மணி அதே இடத்தில் இருப்பதைக் காட்டியிருப்பார்கள். தொகுப்பு உண்மையிலேயே சரிபார்க்கப்பட்டதா என்பதற்கு எனக்கு இதுதான் முதல் அடையாளம்.

கணினி தெரிந்தவர்களுக்கு இன்னும் எளிது. ஒருவரை ஓரிடத்தில் நிறுத்திவிட்டால் ஆறு பேர் வட்டத்தில் உட்கார 120 வழிதான் உண்டு. அத்தனையையும் ஓட்டிப் பார்த்துவிடலாம்:

```python
from itertools import permutations
for p in permutations("BSDEM"):
    s = ("A",) + p
    i = s.index
    if (i("D") == 3 and i("B") == 2
            and i("M") in (2, 4)
            and abs(i("S") - i("E")) not in (1, 5)):
        print(*s)
```

இரண்டு வரி அச்சாகும்: A S B D M E, A E B D M S. "எழில் அருணுக்கு உடனடி இடப்புறம்" என்ற குறிப்பைச் சேர்த்தால், அதாவது `i("E") == 5`, முதல் வரி மட்டும் மிஞ்சும். கேள்வி தயாரிப்பவர்கள் இதைச் செய்துவிட்டால் சீட்டிங் கேள்வியில் பிழைக்கு இடமே இல்லை. இந்த வகையில் "ஒரே விடை" என்பது நிரூபிக்கக்கூடிய ஒன்று.

சிலாஜிசத்திலும் நிரூபிக்கலாம், ஆனால் சில ஏற்பாடுகளை ஒப்புக்கொண்ட பிறகுதான். "எல்லா யானைகளும் பறவைகள்" என்றால் "சில பறவைகள் யானைகள்" என்பது வருமா? தேர்வில் வரும். இன்றைய தர்க்கவியலில் யானையே இல்லாமலும் போகலாம் என்று எடுத்துக்கொள்வதால் வராது. வங்கித் தேர்வில், வாக்கியத்தில் சொல்லப்பட்ட எந்த வகையும் காலி இல்லை என்று வைத்துக்கொள்ள வேண்டும். நல்ல தொகுப்பு இதை முதல் பக்கத்திலேயே எழுதிவிடும்.

பிள்ளைகள் அதிகம் தடுமாறுவது இங்கே: "ஒரு சில பேனாக்கள் மட்டுமே புத்தகங்கள். எல்லா புத்தகங்களும் மேசைகள்." தேர்வு மரபில் முதல் வாக்கியம் இரண்டு செய்தி சொல்கிறது: சில பேனாக்கள் புத்தகங்கள், சில பேனாக்கள் புத்தகங்கள் அல்ல. ஆகவே "எல்லா பேனாக்களும் புத்தகங்களாக இருக்க வாய்ப்புண்டு" என்பது தவறு. "எல்லா பேனாக்களும் மேசைகளாக இருக்க வாய்ப்புண்டு" என்பது சரி, ஏனென்றால் புத்தகம் அல்லாத பேனாக்கள் மேசைக்குள் வருவதை எதுவும் தடுக்கவில்லை. அப்புறம் "சில பேனாக்கள் நாற்காலிகள்", "எந்தப் பேனாவும் நாற்காலி அல்ல" என்ற ஜோடி வந்து, இரண்டில் எதையும் உறுதியாகச் சொல்ல முடியாவிட்டால், விடை "இரண்டில் ஏதாவது ஒன்று". தனித்தனியாக எதுவும் வராது, ஆனால் இரண்டும் ஒரே நேரத்தில் பொய்யாகவும் முடியாது.

விளக்கத்தின் தரத்தை இங்கே வென் படத்தை வைத்தே சொல்லிவிடலாம். ஒரு முடிவு வராது என்று காட்ட, வாக்கியங்கள் உண்மையாகவும் முடிவு பொய்யாகவும் இருக்கும் ஒரு படம் போதும். வரும் என்று காட்ட ஒரு படம் போதாது, எப்படி வரைந்தாலும் முடிவு நிற்க வேண்டும். ஒரே படத்தை வரைந்து "பாருங்கள், தொடுகிறது, எனவே சரி" என்று முடிக்கும் விளக்கங்களை நான் நம்புவதில்லை, விடை சரியாக இருந்தாலும்கூட.

எண் தொடர் முற்றிலும் வேறு. இங்கே ஒரே விடை என்று கணிதப்படி யாராலும் உறுதி கொடுக்க முடியாது. 2, 3, 5, அடுத்து? பகா எண் என்றால் 7. வித்தியாசம் 1, 2, 3 என்று கூடுகிறது என்றால் 8. முந்தைய இரண்டையும் கூட்டினாலும் 8. நான்கு தெரிவுகளில் 7, 8 இரண்டையும் வைத்தால் கேள்வியே கெட்டுப்போகும். 1, 2, 4, 8, 16 என்று ஐந்து எண் கொடுத்தாலும், வட்டத்தின் மேல் புள்ளிகள் வைத்து எல்லாவற்றையும் கோடுகளால் இணைத்தால் அதிகபட்சம் எத்தனை பகுதிகள் கிடைக்கும் என்ற கணக்கில் அடுத்தது 31, 32 இல்லை. எனவே தொடரில் சரிபார்ப்பு என்பது, விதி எளிதாக இருக்கிறதா, அதை உறுதிசெய்யப் போதுமான எண்கள் கொடுத்திருக்கிறதா, வேறொரு எளிய விதியின் விடை தெரிவுகளில் இல்லாமல் இருக்கிறதா என்று பார்ப்பது மட்டுமே.

7, 8, 18, 57, 232 என்ற தொடர் நல்ல தொடர். 1-ஆல் பெருக்கி 1 கூட்டு, 2-ஆல் பெருக்கி 2 கூட்டு என்று முதல் இரண்டு படியில் விதி பிடிபடும். 18-லிருந்து 57, 57-லிருந்து 232 என்ற அடுத்த இரண்டு படியும் அதை உறுதிசெய்கின்றன. அடுத்தது 1165. விதியைக் கண்டுபிடிக்கவே எல்லா எண்களும் செலவாகி, உறுதிசெய்ய ஒன்றும் மிஞ்சாத தொடர்களைத் தேர்வு நெருங்கும் நேரத்தில் தொடவே வேண்டாம் என்று பிள்ளைகளிடம் சொல்லிவிடுவேன்.

குறை ஒன்று உண்டு. சரிபார்த்த தொகுப்புகளில் கேள்விகள் சுத்தமாக இருப்பதால், "தரவுகள் போதாது" விடையாக வரும் கேள்விகளை அநேகமாக நீக்கிவிடுகிறார்கள். இதிலேயே பழகியவர்கள் தேர்வில் அந்தத் தெரிவைப் பார்த்தால் கண்ணை எடுத்துவிடுகிறார்கள். நான் செய்வது, தொகுப்பில் உள்ள நல்ல புதிரில் ஒரு குறிப்பை அடித்துவிட்டுக் கொடுப்பது. அதற்குக் கீழே உள்ள ஐந்து கேள்விகளில் எவற்றுக்கு இன்னும் விடை சொல்ல முடியும், எவற்றுக்கு முடியாது என்று பிரிக்கச் சொல்வேன். அதற்கு 20 நிமிடக் கடிகாரம் வைப்பதில்லை. வேகப் பயிற்சிக்கு மட்டும் தொகுப்பை உள்ளபடியே, கடிகாரத்தோடு கொடுக்கிறேன்.