பாவாடை தாவணியை எழுத்தில் வரைதல்: ஆடை வடிவமைப்பு வகுப்புக்கான மூன்று பாடத்திட்டங்கள், ஓர் ஒப்பீடு

பதினொன்றாம் வகுப்பு ஆடை வடிவமைப்பு மாணவர்களுக்கு, படம் உருவாக்கும் செயற்கை நுண்ணறிவுக் கருவிக்கு ப்ராம்ப்ட் எழுதக் கற்றுக்கொடுக்க வேண்டும் என்றால், ஆசிரியர் முன் பொதுவாக மூன்று வழிகள் இருக்கின்றன. முதலாவது, நிரப்ப வேண்டிய கட்டங்கள் கொண்ட ஒரு பட்டியலைக் கொடுத்து விடுவது. இரண்டாவது, உண்மையான ஆடையை மேசைமேல் வைத்து, பார்த்து எழுதச் சொல்வது. மூன்றாவது, முதலில் கருவியில் ஒரு படத்தை வரவழைத்து, சொற்களை ஒவ்வொன்றாக மாற்றிப் பார்ப்பது. மூன்றையும் நியாயமாக ஒப்பிட வேண்டுமானால் நிபந்தனைகள் ஒன்றாக இருக்க வேண்டும். ஆகவே மூன்று பாடவேளைகள், ஒரு கணினி, ஒரு புரொஜெக்டர், எல்லாருக்கும் பொதுவாகப் பாவாடை தாவணி என்று வைத்துக்கொள்கிறேன். சுடிதாரையோ கவுனையோ விட்டுவிட்டு இதைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. தாவணி தைத்து முடிக்கப்பட்ட ஆடையன்று, உடுத்தும் விதத்தில்தான் அது வடிவம் பெறுகிறது. படக்கருவிகள் பெரும்பாலும் அதைப் புடவையாகவோ, துப்பட்டா போட்ட லெஹங்காவாகவோ மாற்றிவிடுகின்றன. எழுத்து சரியாக இருக்கிறதா இல்லையா என்பது அங்கே உடனே வெளிப்பட்டுவிடும்.

பட்டியல் முறை ஆசிரியருக்கு மிகவும் வசதியானது. ஆடையின் பெயர், வடிவம், துணி, நிறம், வேலைப்பாடு, எந்தப் பக்கத்திலிருந்து பார்ப்பது, பின்னணி என்று ஏழு கட்டங்கள் இருக்கும். மாணவர் நிரப்புவார், ஆசிரியர் கட்டத்துக்கு ஒரு மதிப்பெண் வீதம் போட்டுவிடலாம். ஒரே பாடவேளையில் வகுப்பு முழுவதும் ஏதோ ஒரு ப்ராம்ப்ட்டை எழுதி முடித்துவிடும். எழுதத் தயங்குகிற மாணவருக்கு வெற்றுத்தாளைவிட இது எவ்வளவோ மேல் என்பதையும் மறுக்க முடியாது.

ஆனால் இந்தப் பட்டியல், ஆடை என்பது ஒரே துண்டு என்று எண்ணிக்கொண்டு தயாரிக்கப்பட்டது. பாவாடை தாவணியில் மூன்று துண்டுகள் இருக்கின்றன, மூன்றுக்கும் தனித்தனித் துணி, தனித்தனி நிறம். நிறத்துக்கு ஒரே கட்டம் இருக்கும்போது மாணவர் என்ன செய்வார்? ‘பச்சை, மெரூன், கடுகு மஞ்சள்’ என்று வரிசையாக எழுதிவிடுவார். எந்த நிறம் எந்தத் துண்டுக்கு என்பது மாணவரின் மனத்தில் தெளிவாக இருக்கும், தாளில் இருக்காது. படக்கருவிகளுக்கு ஏற்கெனவே உள்ள ஒரு பலவீனம், ஒரு பொருளுக்குச் சொன்ன நிறத்தை அடுத்த பொருளின்மேல் ஏற்றிவிடுவது. நிறங்களை ஒரு மூட்டையாகக் கொடுத்தால் அந்தப் பலவீனம் இன்னும் பெருகுகிறது. ரவிக்கை மஞ்சளாகவும் தாவணி பச்சையாகவும் வரும், மாணவர் கருவியைக் குறை சொல்வார். துணிக் கட்டத்தில் ‘பட்டு’ என்றும், வேலைப்பாட்டுக் கட்டத்தில் ‘அழகான எம்ப்ராய்டரி’ என்றும் எழுதியவருக்கும் முழு மதிப்பெண் கிடைத்துவிடும் என்பது இம்முறையின் இன்னொரு குறை. கட்டம் நிரம்பிவிட்டது என்பதற்காக ஆடை விவரிக்கப்பட்டுவிட்டது என்று ஆகிவிடாது.

இரண்டாவது திட்டம் மெதுவானது. முதல் பாடவேளையில் கணினியை யாரும் தொடுவதில்லை. துணிக்கடைகளில் இருப்பதுபோன்ற டம்மி ஒன்றுக்குப் பாவாடை தாவணியை உடுத்தி வகுப்பின் நடுவில் நிறுத்த வேண்டும். பாதிப் பேர் அதைத் தொட்டும் சுற்றிவந்தும் தமிழில் எழுதுவார்கள். மீதிப் பாதி அந்தப் பக்கம் திரும்பாமல் உட்கார்ந்து, கையில் வந்த எழுத்தை மட்டும் வைத்து வரைவார்கள். பிறகு இரண்டு படைப்பையும் டம்மிக்கு அருகில் வைத்துப் பார்ப்பார்கள். ப்ராம்ப்ட் எழுதும் பயிற்சியின் முக்கால் பங்கு இந்த ஒரு பாடவேளையிலேயே நடந்துவிடுகிறது என்பது என் கணிப்பு.

எப்படி என்பதற்கு ஓர் உதாரணம். எழுதுகிறவர் இப்படித் தொடங்குகிறார் என்று கொள்வோம்: ‘பச்சைப் பட்டுப் பாவாடை, மெரூன் ரவிக்கை, மேலே மஞ்சள் தாவணி.’ வரைகிறவர் தாவணியை இரண்டு தோளிலும் சால்வைபோலப் போர்த்திவிடுகிறார். ‘மேலே’ என்பதற்கு அவர் கண்ட பொருள் அது, அதில் தவறே இல்லை. ரவிக்கைக்குக் கை எவ்வளவு நீளம் என்று சொல்லப்படவில்லை, ஆகவே முழங்கை வரை வரைந்திருப்பார். பாவாடை இடுப்பில் சுருக்கு வைத்ததா, கொசுவம் பிடித்ததா, அம்பர்லா வெட்டா என்பதும் எழுத்தில் இல்லை. ‘கரை எவ்வளவு அகலம்? இடுப்பில் எங்கே செருகியிருக்கிறது? தோளில் மடித்துப் பின் குத்தியதா, விரித்து விட்டதா?’ என்று வரைகிறவர் கேட்கிற கேள்விகள்தான் அந்த மாணவர்களுக்கான பட்டியல். ஆசிரியர் அச்சடித்துக் கொடுக்கும் ஏழு கட்டங்களுக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு, இது அந்த ஆடையிலிருந்தே பிறந்தது என்பதுதான்.

துணியைத் தொட்டுப் பார்ப்பதற்கும் இந்தப் பாடவேளையில் பத்து நிமிடமாவது ஒதுக்க வேண்டும். கனமான பட்டு மடிப்பில் விறைத்து நிற்கும், இடுப்புச் சுருக்கு வெளியே உப்பித் தெரியும். வாயில் எனப்படும் மெல்லிய பருத்தித் துணி உடலோடு தொய்ந்து விழும், வெளிச்சத்தில் உள்ளே இருப்பது மங்கலாகத் தெரியும். டிஷ்யூ மினுங்கும், ஆனால் கசங்கிய கோடுகள் போகாது. இவற்றை விரலால் உணர்ந்த மாணவர் ‘மெல்லிய, உள்ளே தெரிகிற, தொய்ந்து விழுகிற’ என்று எழுதுவார். உணராதவர் ‘கிராண்டான’ என்று எழுதுவார்.

இரண்டாம் பாடவேளையில் தமிழ்க் குறிப்பைக் கருவிக்கு ஏற்ற ஆங்கில வாக்கியங்களாக மாற்றலாம். தமிழையே புரிந்துகொள்ளும் கருவிகளும் உண்டு. இருந்தாலும், ஸ்டேபிள் டிஃப்யூஷனின் தொடக்கப் பதிப்புகள் போன்றவை பெரும்பாலும் ஆங்கிலக் குறிப்புகளுடன் கூடிய படங்களில் பயின்றவை என்பதால், பள்ளியில் எந்தக் கருவி இருக்கிறது என்பதைப் பார்த்து முடிவெடுக்க வேண்டும். மேலே சொன்ன மூன்று சொற்றொடர்க் குறிப்பு, கேள்விகளுக்குப் பிறகு இப்படி ஆகிறது:

```
South Indian half-saree on a dress form, full front view, plain grey background.
Skirt: ankle-length, gathered at waist, stiff green silk, wide gold border at hem.
Blouse: maroon silk, round neck, short sleeves.
Drape: sheer mustard cotton voile, one end tucked at waist,
other end pleated and pinned on left shoulder, crossing the chest diagonally.
```

ஒவ்வொரு துண்டும் தன் நிறத்தையும் துணியையும் தன்னுடனேயே வைத்திருக்கிறது. இதனால் நிறம் மாறி ஒட்டுவது முற்றிலும் நின்றுவிடும் என்று சொல்ல முடியாது, ஆனால் வெகுவாகக் குறையும். வரிசையும் கவனிக்கத் தக்கது. ஸ்டேபிள் டிஃப்யூஷனின் தொடக்கப் பதிப்புகளில் எழுத்தை வாசிக்கும் பகுதிக்கு 77 டோக்கன், அதாவது 77 சொற்கள் அல்லது சொல்துண்டுகள் என்ற வரம்பு உண்டு, அதிலும் தொடக்க முடிவுக் குறிகளுக்கு இரண்டு போய்விடும். மேலே உள்ள ப்ராம்ப்ட்டே அந்த வரம்பைத் தாண்டிவிடக்கூடியது. சில மென்பொருள்கள் மிஞ்சியதைத் துண்டு துண்டாக வாசித்துச் சமாளிக்கும், சமாளிக்காதவற்றில் கடைசிச் சொற்கள் கருவியைச் சென்றடையவே மாட்டா. தாவணி தோளில் சரியாக வராவிட்டால், மாணவர் சொற்களை மாற்றுவதற்கு முன் அந்த வரியை மேலே கொண்டுபோய்ப் பார்க்க வேண்டும்.

மூன்றாவது திட்டத்தில் மாணவர்களின் உற்சாகம் அதிகம், முதல் ஐந்து நிமிடத்திலேயே திரையில் ஒரு படம் வந்துவிடும். ஆபத்தும் அங்கேதான் இருக்கிறது. திரையில் பளபளப்பான படம் வந்ததும், தான் நினைத்ததும் இதுவே என்று மாணவர் ஒப்புக்கொண்டுவிடுகிறார். அதற்குப்பின் அவர் வடிவமைப்பவர் அல்லர், வந்ததைத் தேர்ந்தெடுப்பவர். சில கருவிகளில் இன்னொரு சிக்கலும் உண்டு. 2023-இல் சாட்ஜிபிடியில் சேர்க்கப்பட்ட டாலி 3, பயனர் எழுதியதைத் தானே விரிவாக்கி எழுதிக்கொண்டுதான் படம் தந்தது. ‘அழகான பாவாடை தாவணி’ என்று மட்டும் எழுதியவருக்கும் கரையும் கொசுவமும் உள்ள படம் கிடைத்துவிட்டால், தன் எழுத்தில் என்ன குறை என்பதை அவர் எப்படி அறிவார்? எழுத்துப் பயிற்சிக்கு, எழுதியதை மட்டும் எடுத்துக்கொள்கிற கருவியே ஏற்றது. அது கிடைக்காவிட்டால், விரிவாக்கப்பட்ட எழுத்தைத் திரையில் காட்டி, அதில் மாணவருடைய சொல் எது, கருவி சேர்த்தது எது என்று அடிக்கோடிடச் செய்யலாம்.

ஒரு சொல்லை மாற்றினால் என்ன ஆகிறது என்ற சோதனையும், கேட்பதற்கு எளிதாக இருக்கும் அளவுக்குச் செய்வதற்கு எளிதன்று. ஒரே ப்ராம்ப்ட்டை இரண்டு முறை கொடுத்தாலே இரண்டு வேறு படங்கள் வரும். ‘silk’ என்பதை ‘voile’ என்று மாற்றியதும் பாவாடையின் விரிவு குறைந்தால், அது சொல்லால் வந்த மாற்றமா, தற்செயலா என்று சொல்ல வழியில்லை. படம் எந்தத் தற்செயல் புள்ளியிலிருந்து தொடங்குகிறது என்பதைத் தீர்மானிக்கும் சீட் எண்ணைப் பூட்டிவைக்க இடமளிக்கும் கருவியில் மட்டுமே இந்தச் சோதனைக்குப் பொருள் உண்டு. அப்படிப் பூட்டிவைத்துச் செய்தால், துணியின் பெயர் வடிவத்தையே மாற்றுகிறது என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் வழி வேறில்லை. எதிர்மறைச் சொற்கள் கைகொடுப்பதில்லை என்பதையும் இங்கே காட்டிவிடலாம். ‘no sleeves’ என்று எழுதினால் பல கருவிகளில் கை வைத்த ரவிக்கையே வரும், ‘sleeveless’ என்று எழுதினால்தான் போகும்.

என் தேர்வு இரண்டாவது திட்டம். முதல் பாடவேளை டம்மியைப் பார்த்து எழுதவும் வரையவும், இரண்டாவது அதை ஒழுங்குபடுத்தி எழுதவும் போகட்டும். பட்டியலை இரண்டாம் பாடவேளையின் இறுதியில், எழுதியதைச் சரிபார்க்க மட்டும் கொடுக்கலாம், அதுவும் ஒவ்வொரு துண்டுக்கும் தனி வரி உள்ள பட்டியலாக. மூன்றாம் பாடவேளையில் ஆசிரியரே கணினியில் அமர்ந்து, நான்கைந்து ப்ராம்ப்ட்டுகளை எல்லாரும் பார்க்க இட்டுக் காட்டலாம். மாணவர்கள் கணக்குத் தொடங்க வேண்டியதில்லை என்பதும் இதில் ஒரு வசதி, ஏனெனில் பல கருவிகள் வயது வரம்பு வைத்திருக்கின்றன, 2023-ஆம் ஆண்டின் இந்தியத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயது நிரம்பாதவர்களின் தரவைக் கையாளப் பெற்றோரின் ஒப்புதலைக் கேட்கிறது. ப்ராம்ப்ட்டில் ‘girl’ என்று எழுதாமல் ‘dress form’ என்று எழுதச் சொல்வதும் இதே எச்சரிக்கையால்தான். மாணவியரின் புகைப்படத்தை ஏற்றி ஆடை மாற்றிப் பார்ப்பது எந்தத் திட்டத்திலும் இடம்பெறக் கூடாது. டம்மியில் இருக்கும்போது முகமும் நகையும் கவனத்தை இழுப்பதில்லை, ஆடை மட்டுமே நிற்கிறது என்பது உபரி நன்மை.

இத்திட்டத்தில் உண்மையான இடர் கூட்டம்தான். ஐம்பது பேர் உள்ள வகுப்பில் ஒரே டம்மியைச் சுற்றி எல்லாரும் நின்று தொட்டுப் பார்க்க இயலாது. அங்கே ஆறேழு பேர் கொண்ட குழுவுக்கு ஒரு துணித்துண்டும் தாவணியின் நெருக்கமான புகைப்படம் ஒன்றும் கொடுத்துச் சமாளிக்கலாம், தரம் கொஞ்சம் குறையத்தான் செய்யும். மதிப்பெண்ணை எதற்குக் கொடுப்பது என்பதிலும் உறுதியாக இருக்க வேண்டும். கருவி தந்த படத்தின் அழகுக்குக் கொடுத்தால், அதிர்ஷ்டத்துக்கு மதிப்பெண் போட்டதாக ஆகும். வரைந்த மாணவர் எத்தனை கேள்வி கேட்க நேர்ந்தது, திருத்திய எழுத்தில் அவற்றில் எத்தனைக்கு விடை இருக்கிறது என்ற இரண்டையும் எண்ணி, அந்த முன்னேற்றத்துக்கு மதிப்பெண் கொடுத்தால் போதும்.