டோ பார் மாட்டி கேரவன் இழுக்கப் போறவங்க, பணம் குடுக்கறதுக்கு முன்னாடி இதைப் படிச்சிடுங்க

சிட்னி மேற்குப் பக்கம் இருக்கற நம்ம ஆளுங்க இப்போ நிறைய பேர் பழைய கேரவன் வாங்கறாங்க, அதனாலதான் எழுதறேன். போன மாசம் நாங்க நாலு பேரும் பிழைச்சது கடவுள் புண்ணியம்.

எங்க எஸ்யூவிக்கு டோ பார், வயரிங், கேரவன் பிரேக்குக்கு கன்ட்ரோலர், கியர்பாக்ஸ் ஆயில் கூலர், எல்லாம் சேர்த்து 2,150 டாலர் பில். கடை பேர் இங்க போடல, புகார் நடந்துட்டு இருக்கு. வண்டி எடுக்கப் போனப்போ கேரவனை மாட்டி இன்டிகேட்டர், டெயில் லைட், பிரேக் லைட் எல்லாம் எரியவிட்டு காமிச்சாங்க, எல்லாமே சரியா எரிஞ்சுது. நான் ஒண்ணே ஒண்ணுதான் கேட்டேன், மேனுவல்ல ட்ரெய்லர் மாட்டினா டேஷ்போர்டுல ட்ரெய்லர் படம் போட்ட பச்சை லைட் இன்டிகேட்டரோட சேர்ந்து மின்னும்னு இருக்கே, மின்னலையேன்னு. "உங்க மாடலுக்கு அது வராது சார்"னு சொன்னார். நானும் நம்பிட்டேன், அங்கதான் ஏமாந்தேன்.

அந்த லைட் ஏன் முக்கியம்னு எனக்கு அப்புறம்தான் புரிஞ்சுது. எங்க வண்டியில அது எரிஞ்சாத்தான் வண்டியோட கம்ப்யூட்டருக்கு பின்னாடி ஒரு ட்ரெய்லர் இருக்குன்னு தெரியுது. தெரிஞ்சாத்தான் ட்ரெய்லர் ஆடினா அதைக் கண்டுபிடிச்சு எச்சரிக்கை குடுத்து, ஒவ்வொரு வீலுக்கும் தனித்தனியா பிரேக் போட்டு, இன்ஜின் பவரைக் குறைச்சு அடக்கற வசதி வேலை செய்யும். அதுக்கு அந்த மாடலுக்குன்னே வர்ற வயரிங் மாட்யூல் போடணும். இவங்க என்ன பண்ணியிருக்காங்கன்னா, டெயில் லைட் வயரை வெட்டி அதுலேர்ந்தே கரன்ட் எடுத்து ட்ரெய்லர் லைட்டுக்குக் குடுத்திருக்காங்க. லைட் எரியும், ஆனா வண்டிக்கு ஒண்ணும் தெரியாது. பில்லுல மட்டும் மாட்யூலுக்கு காசு.

கிளம்பினது ஜெர்விஸ் பே போக. எம் 1 மோட்டர்வேல வாட்டர்ஃபால் தாண்டி 100ல போயிட்டு இருந்தேன், ஒரு பெரிய லாரி ஓவர்டேக் பண்ணுச்சு, அது தள்ளின காத்துல கேரவன் வால் ஆட்டுச்சு, முதல்ல லேசா, அடுத்தது கொஞ்சம் பெருசா, அதுக்கடுத்தது ஸ்டீயரிங்கையே பிடுங்கற மாதிரி. டேஷ்போர்டுல ஒரு எச்சரிக்கை கூட வரல. இந்த நேரத்துல கால் பிரேக்கை அழுத்தக்கூடாது, ஸ்டீயரிங்கை திருப்பி சரி பண்ணவும் பாக்கக்கூடாது, ஆக்சிலேட்டர்லேர்ந்து காலை எடுத்துட்டு கன்ட்ரோலர்ல இருக்கற கை பட்டனால கேரவன் பிரேக்கை மட்டும் போடணும், அப்போ கேரவன் பின்னாடி இழுத்து நேராகிடும். நானும் அந்த பட்டனை அழுத்தினேன். ஒண்ணுமே நடக்கல. மறுபடி அழுத்தினேன், ஒண்ணும் இல்ல. ஸ்டீயரிங்கை நேரா பிடிச்சுக்கிட்டே விட்டதுல 75க்கு வந்ததும் தானா அடங்குச்சு. ஓரங்கட்டி கடைக்கு போன் பண்ணினா "புதுசா இழுக்கறவங்களுக்கு அப்படித்தான் இருக்கும் சார், மெதுவா போங்க"ங்கறார்.

நான் அங்கயே திரும்பியிருக்கணும். திரும்பாம மெதுவா போய் மவுன்ட் ஊஸ்லி இறக்கத்துல இறங்கினேன். வோலங்காங் பக்கம் போனவங்களுக்குத் தெரியும், லாரிங்க எல்லாம் லோ கியர்ல இறங்கற இடம் அது. எங்க கார் ஆளுங்களோட சுமார் 2,150 கிலோ, கேரவன் 1,750 கிலோ, மொத்தம் 3,900. இந்த எடை 100 மீட்டர் உயரம் இறங்கினா வர்ற சக்தி, பதினோரு லிட்டர் குழாய்த் தண்ணியை கொதிக்கற அளவுக்கு சூடாக்கற சூடு. காத்தும் இன்ஜின் பிரேக்கிங்கும் ஒரு பங்கை எடுத்துக்கும், மிச்சம் பூரா பிரேக் டிஸ்க்குலதான் இறங்கணும். கேரவன் பிரேக் வேலை செஞ்சா பாரம் பிரிஞ்சுடும், செய்யலைன்னா கார் பிரேக் தன் எடையோட இன்னொரு கார் எடையையும் சேர்த்து நிறுத்தணும். பாதி இறக்கத்துல கருகின வாடை வந்துச்சு, பெடல் பஞ்சு மாதிரி உள்ள போச்சு. கியரை 2க்கு இறக்கி ஹசார்ட் போட்டு தவழ்ந்து போய்ச் சேர்ந்தோம். பின்சீட்டுல பசங்க ரெண்டும் வாயே திறக்கல.

கீழ வந்த மொபைல் மெக்கானிக் பத்து நிமிஷத்துல கண்டுபிடிச்சார். என் மனைவியை உள்ள உக்காந்து கை பட்டனை அழுத்தச் சொல்லிட்டு கேரவன் வீல் பக்கத்துல காதை வெச்சார். எலக்ட்ரிக் பிரேக்குக்கு கரன்ட் போனா உள்ள இருக்கற காந்தம் லேசா ஙொய்ங்னு சத்தம் போடுமாம், சத்தமே இல்ல. அப்புறம் காரோட ஏழு பின் பிளக்கைக் கழட்டினார். அஞ்சாவது பின்தான் பிரேக்குக்கு, நீல வயர் வரணும். அந்த பின் காலி, நீல வயர் பின்னாடி மடிச்சு கருப்பு டேப் சுத்தி விட்டிருக்கு. கன்ட்ரோலர் பெட்டி உள்ள லைட் எரிஞ்சுட்டு உக்காந்திருக்கு, அதுலேர்ந்து கரன்ட் எங்கயும் போகல. இங்க சட்டப்படி 750 கிலோவுக்கு மேல இருக்கற ட்ரெய்லருக்கு பிரேக் கட்டாயம், அப்படி இருக்க 1,750 கிலோவை பிரேக்கே இல்லாம குடும்பத்தோட இழுக்க விட்டிருக்காங்க.

கேரவன் ஆடினதுக்கு இன்னொரு காரணமும் அவர்தான் சொன்னார், இதுல என் தப்பும் இருக்கு. டோ பார் முனையில இருக்கற டோ பால் மேல கேரவன் அழுத்தற எடை கேரவன் எடையில பத்துல ஒரு பங்கு கிட்ட, அதாவது 170 கிலோ பக்கம் இருக்கணும், எங்களுக்கு அளந்தா 85. சைக்கிள், ஜெனரேட்டர் எல்லாம் பின்பக்கம் ஏத்தியிருந்தேன். பின்னாடி கனத்தா ஊசல் மாதிரி ஆடும். அதை எல்லாம் அச்சுக்கு முன்னாடி மாத்தினப்புறம் திரும்பி வர்றப்போ லாரி போனா கூட கேரவன் அசையல. ஆட்டம் அடக்கற வசதி இருந்தாலும் எடையை தப்பா ஏத்தினதை அது சரி பண்ணாது.

நீல வயரை மாட்டி பிரேக் பேட் எல்லாம் மாத்தி திரும்பினோம். ஏத்தத்துல கியர்பாக்ஸ் ஆயில் சூட்டு லைட் எரிஞ்சுது. கேரவனோட அகலமான மூஞ்சில அடிக்கற காத்தும் ஏத்தமும் சேர்ந்தா இன்ஜின் விடாம முக்குது, கியர் 5க்கும் 4க்கும் மாறி மாறி அலையுது, இன்ஜினையும் கியர்பாக்ஸையும் இணைக்கற டார்க் கன்வெர்ட்டர் பூட்டிக்காம வழுக்குது, அந்த வழுக்கல்தான் ஆயிலை சூடாக்குது. நிறுத்தி நியூட்ரல்ல இன்ஜினை ஓடவிட்டு ஆறவெச்சு, கையால 3லயே பிடிச்சு ஏத்தினேன், சூடு குறைஞ்சுது. வீட்டுக்கு வந்து முன் கிரில்லுக்குள்ள டார்ச் அடிச்சு பாத்தா பில்லுல இருக்கற ஆயில் கூலரே அங்க இல்ல.

அதனால வண்டி எடுக்கறப்போ உங்க கேரவனையே கொண்டு போய் மாட்டுங்க. டேஷ்போர்டுல ட்ரெய்லர் லைட் வருதான்னு உங்க மேனுவலோட ஒப்பிட்டு பாருங்க, "உங்க மாடலுக்கு வராது"ன்னு சொன்னா அதை எழுத்துல கேளுங்க. பிளக்கைத் திறந்து நீல வயரைக் காட்டச் சொல்லுங்க. காலி இடத்துல 20ல ஓட்டிக்கிட்டே கை பட்டனை அழுத்துங்க, கேரவன் பின்னாடி பிடிச்சு இழுக்கறது உங்களுக்கே தெரியணும். கூலரைக் கண்ணால பாத்துட்டு பணம் குடுங்க.

ஃபேர் டிரேடிங்ல புகார் குடுத்திருக்கேன், டேப் சுத்தின வயர் போட்டோ, மெக்கானிக் எழுதிக் குடுத்த ரிப்போர்ட் ரெண்டும் சேர்த்து. கடைக்காரர் இதுவரைக்கும் சொல்ற ஒரே பதில், "லைட் எல்லாம் எரிஞ்சுதே சார்".